போர்ட்னா தூக்கிட்டுப் போறது, அப்போ ரிப்போர்ட்னா?

இங்கிலீஷ் வொகாபுலரி வொர்க்‌ஷீட் பாத்திருப்பீங்க. பக்கத்துக்கு மேல ஒரு கட்டம், அதுக்குள்ள மூணு வரி: போர்ட்னா தூக்கிட்டுப் போறது, டிக்ட்னா சொல்றது, ஆட்டோனா தானே, தானா. கீழ இடது பக்கம் பத்து வார்த்தை வலது பக்கம் பத்து அர்த்தம், கோடு போட்டு சேக்கணும். அதுக்கும் கீழ கோடிட்ட இடம் நிரப்பறது, கடைசியா "இந்த வேர்ச்சொல்ல வெச்சு நீயே ஒரு வார்த்தை உருவாக்கு". யார் போட்ட ஷீட்டா இருந்தாலும் பெரும்பாலும் இந்த அமைப்புதான். பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதால இந்த மாதிரி ஷீட்டு நிறைய திருத்தறேன், நானும் தயார் பண்றேன். லத்தீன் கிரேக்க வேர்ச்சொல்னா எனக்கு உயிரு, அதனாலதான் இந்த ஷீட்டுங்க எங்க சறுக்குதுன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதணும்னு தோணுச்சு. மூணுலயும் போர்ட்டத்தான் அதிகமா பாக்கப் போறோம், ஏன்னா அதுலதான் எல்லா சிக்கலும் இருக்கு.

ஒரு பொண்ணு எழுதின விடையில இருந்தே போலாம். ரிப்போர்ட்ங்கற வார்த்தைக்கு நேரா "திரும்பத் தூக்கிட்டுப் போறது"ன்னு எழுதியிருந்தா. விடைத்தாள்ல இருந்தது "நடந்ததப் பத்தின விவரம்". அப்போ அவ எழுதினது தப்பு, மார்க் இல்ல. ஆனா அவ என்ன பண்ணினா? ரீன்னா திரும்ப, போர்ட்னா தூக்கிட்டுப் போறதுன்னு ஷீட்டு சொல்லுச்சு, ரெண்டையும் கூட்டினா இதுதான் வரும், அவ சொன்னபடியேதான் செஞ்சிருக்கா. கூட்டல் சரியாப் போட்ட பிள்ளைக்கு மார்க் போகுதுன்னா கோளாறு ஷீட்டுலதான இருக்கு.

லத்தீன்ல போர்ட்டாரேன்னு ஒரு வினைச்சொல், சுமந்துட்டுப் போறதுன்னு அர்த்தம். ரெப்போர்ட்டாரேன்னா திருப்பிக் கொண்டாறது. ஒருத்தன் ஒரு இடத்துக்குப் போயி என்ன நடந்துச்சுன்னு பாத்துட்டு அந்த சேதியத் திரும்பக் கொண்டுவந்து சேக்கறான், அதுதான் ரிப்போர்ட். இப்படி சொன்னதும் அந்தப் பொண்ணுக்கு பளிச்சுனு புரிஞ்சுது, அதுக்கப்புறம் அந்த வார்த்தைய அவ மறக்கல. ஆனா கவனிங்க, ரிப்போர்ட்னா என்னன்னு தெரிஞ்ச பிறகுதான் அந்த "திரும்பக் கொண்டாறது" பொருந்துது. துண்டுகள மட்டும் கையில வெச்சுக்கிட்டு ரிப்போர்ட்னா நடந்தத எழுதித் தர்றதுன்னு யாராலயும் ஊகிக்க முடியாது, ஏன்னா தூக்கிட்டு வர்ற பொருள் சேதிங்கற விஷயம் அந்த வார்த்தைக்குள்ள எங்கயுமே இல்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். வேர்ச்சொல் தெரிஞ்சா தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடிச்சிடலாம்னு ஷீட்டுங்க மறைமுகமா வாக்கு குடுக்குது. அது பாதி நேரம் நடக்காது. அர்த்தம் தெரிஞ்ச பிறகு அது ஏன் அப்படி இருக்குன்னு காட்டறதும், அத மனசுல பிடிச்சு வைக்கறதும், ஸ்பெல்லிங்குக்குக் காரணம் சொல்றதும்தான் வேர்ச்சொல்லோட நிஜமான பலம். அமெரிக்காவுல 2010ல வந்த காமன் கோர் பாடத்திட்டத்துல நாலாங்கிளாஸுக்கே கிரேக்க லத்தீன் வேர்கள் வருது, ஆட்டோகிராஃப்தான் அங்க குடுத்திருக்கற உதாரணங்கள்ல ஒண்ணு, ஆனா அந்த வரியில இதையெல்லாம் அர்த்தத்துக்கான துப்பா பயன்படுத்தணும்னுதான் இருக்கு. துப்பு வேற விடை வேற, அத ஷீட்டாக்கும்போது மேல இருக்கற கட்டம் துப்ப விடையா மாத்திடுது.

சரி, போர்ட் குடும்பத்துக்குள்ள போலாம். ட்ரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட், போர்ட்டபிள், இந்த நாலும் தங்கமான பிள்ளைங்க, துண்டுகளக் கூட்டினா அர்த்தம் அப்படியே வந்துடும். அந்தப் பக்கம், வெளிய, உள்ள, தூக்கக்கூடிய. ஷீட்டு தயார் பண்றவங்க இந்த நாலையும் பாத்துட்டுதான் கட்டத்த எழுதறாங்க, அப்புறம் பத்து வார்த்தை வேணுமேன்னு மத்தத சேக்கறாங்க. சப்போர்ட்ல ஆரம்பிக்குது வழுக்கல். சப்னா கீழ, அப்போ கீழ தூக்கறதா? கீழ இருந்து தாங்கிப் பிடிக்கறது, தூண் கூரையத் தாங்கற மாதிரி, அப்படிச் சொன்னா பொருந்தும். இம்பார்டன்ட் அதவிட ஒரு படி தள்ளி. உள்ள கொண்டாறதுக்கும் முக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்னு பசங்க கேப்பாங்க, கேக்கணும். ஒரு விஷயம் தனக்குப் பின்னாடி பெரிய விளைவுகளக் கொண்டுவருதுன்னா அது முக்கியம், இடைக்கால லத்தீன்ல இம்போர்ட்டாரேவுக்கு இந்த அர்த்தம் வந்து ஒட்டிக்கிச்சு. ஸ்போர்ட்டும் இதே குடும்பம்னா நம்ப மாட்டாங்க. டிஸ்போர்ட்னு இருந்த பழைய வார்த்தையோட முன்பக்கம் தேஞ்சு போயி ஸ்போர்ட் ஆச்சு, மனச வேலையில இருந்து வேற பக்கம் தூக்கிட்டுப் போறதுதான் விளையாட்டு. எனக்கு இந்தக் குடும்பத்துலயே பிடிச்ச வார்த்தை இது, ஆனா இத சேர்த்துப் பொருத்துக பகுதியில போட்டா பிள்ளைக்கு அநியாயம் பண்றோம்.

அதுக்கும் மேல ஒரு கூட்டம் இருக்கு, குடும்பத்துலயே சேராத ஆளுங்க. ஏர்போர்ட், பாஸ்போர்ட், ரெண்டும் எக்கச்சக்க ஷீட்டுல போர்ட்னா தூக்கிட்டுப் போறதுங்கற தலைப்புக்குக் கீழ உக்காந்திருக்கும். ஃப்ளைட்டு ஆளத் தூக்கிட்டுப் போகுதுல்ல, அதனால பொருந்தற மாதிரியும் தோணும், அதுதான் ஆபத்து. இந்த போர்ட் லத்தீன்ல போர்ட்டுஸ், துறைமுகம். ஏர்போர்ட் ஆகாயத்துக்கான துறைமுகம், பாஸ்போர்ட் துறைமுகத்தக் கடக்க விடற சீட்டு. ஆப்பர்சூனிட்டியும் துறைமுகம்தான், கப்பலத் துறைமுகம் பக்கமாத் தள்ளற காத்து வந்தா அது நல்ல சமயம், வாய்ப்பு. மூணாவதா போர்ட்டா, வாசல், அதுல இருந்து போர்ட்டல். போர்ட்டர்ங்கற வார்த்தை இன்னும் வேடிக்கை, மூட்டை தூக்கற போர்ட்டர் போர்ட்டாரேல இருந்து வந்தவர், வாசல் காக்கற போர்ட்டர் போர்ட்டால இருந்து வந்தவர், ரெண்டு பேருக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணு. ரொம்பப் பின்னாடி போனா சுமக்கறது, துறைமுகம், வாசல் மூணுமே கடந்து போறதுங்கற ஒரே ஆதி வேர்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, அதனால தூரத்து சொந்தம்தான், ஆனா வகுப்புல பிள்ளைக்கு அது உதவாது, மூணையும் தனித்தனியா வெச்சாதான் தெளிவு.

சொந்தமே கிடையாதுங்கற ஆளும் உண்டு. போர்ட்ரெய்ட். முதல் நாலு எழுத்து அச்சு அசலா போர்ட்தான், ஆனா அது ப்ரோவும் இழுக்கறதுங்கற அர்த்தத்துல வர்ற த்ராஹெரேயும் சேந்த வார்த்தை, ஃப்ரெஞ்சுல வாய்க்கு வாய் மாறி அப்படி ஆயிடுச்சு. அதோட உண்மையான ஒண்ணுவிட்ட அண்ணன் டிராக்டர்! ஒண்ணு கோட்ட இழுக்குது ஒண்ணு ஏர இழுக்குது. போர்ஷனும் இப்படித்தான், பங்குன்னு அர்த்தம் தர்ற வேற லத்தீன் சொல். எழுத்து ஒத்துப்போச்சுன்னு மட்டும் பாத்து வார்த்தைகள வாரி எடுத்து ஷீட்டு போட்டா இதெல்லாம் கூடவே வந்துடும். ஷீட்டுல ஏர்போர்ட்டோ போர்ட்ரெய்ட்டோ போர்ட்டாரே தலைப்புல இருந்துச்சுன்னா, தயார் பண்ணினவங்க அகராதியத் திறக்கலன்னு அர்த்தம், மத்த வார்த்தைகளையும் ஒருதடவ சரி பாத்துட்டு குடுக்கறது நல்லது. டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தற etymonline.com இலவசம், ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம் ஆகும். போர்ட்னு அடிச்சா நம்பர் போட்டு தனித்தனிப் பதிவா வரும், அதப் பாத்தாலே ஒரே உருவத்துல எத்தன ஆளு ஒளிஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும்.

இப்போ ஸ்பெல்லிங். இந்தப் பகுதிய எந்த ஷீட்டும் தொடறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா இங்கதான் வேர்ச்சொல் கிட்டத்தட்ட கணக்கு மாதிரி வேலை செய்யுது. ரிப்போர்ட்டுக்கு ஒரு பி, சப்போர்ட்டுக்கு ரெண்டு பி, இம்போர்ட்டுக்கு ஒண்ணு, ஆப்பர்சூனிட்டிக்கு ரெண்டு. பசங்க இத மனப்பாடம் பண்ணுவாங்க, பரீட்சையில குழம்புவாங்க. நாம தமிழ்ல எழுதும்போது ரிப்போர்ட்லயும் ப் போடறோம், அதனால நம்ம பசங்களுக்குக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. காரணம் என்னன்னா ரீ அப்படிங்கறது உயிரெழுத்துல முடியுது, அதோட போர்ட் வந்து சேந்தா ஒரே ஒரு பிதான் இருக்க முடியும். சப்போட கடைசி எழுத்து "பி ஃபார் பென்" பி இல்ல, "பி ஃபார் பால்" பி. அது போர்ட்டோட பி பக்கத்துல வந்ததும் சொல்ல வசதியா தானும் அதே பியா மாறிடுது, சேர்ந்தா ரெண்டு. ஆப்பர்சூனிட்டியில முன்னாடி இருக்கற ஒப்பும் அப்படியே. ரப்போர்ட்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, ரெண்டு பேருக்குள்ள இருக்கற இணக்கம், அதுல நடுவுல ஆட்ங்கற ஒட்டு ஆப்பா மாறி ஒளிஞ்சிருக்கு, அதான் ரெண்டு பி. டிப்போர்ட்டுக்கு ஒண்ணுதான், டீயும் உயிரெழுத்துல முடியறதால. இம்போர்ட்ல இன் மாறி இம் ஆயிருக்கு, எக்ஸ்போர்ட்ல எதுவும் மாறல.

இத நம்ம பசங்களுக்குப் புரிய வைக்க அஞ்சு நிமிஷம் போதும், ஏன்னா இது தமிழ்ல தினமும் நடக்கறது. மரம் கூட கள் சேத்தா மரம்கள் இல்ல மரங்கள், ககரம் வந்ததும் மகரம் ஙகரமாப் போயிடுது. இன்-போர்ட்னு வேகமா நாலு தடவ சொல்லச் சொல்லுங்க, தானாவே இம்போர்ட்னு வாய் மூடும். இலக்கணப் புத்தகத்துல புணர்ச்சின்னு படிச்சது இங்கிலீஷ் ஷீட்டுல வந்து உதவுதுன்னு தெரிஞ்சதும் பசங்க முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இத சொல்லிக் குடுக்கலாம். இதத் தெரிஞ்ச பிள்ளை அடுத்தது இம்பாசிபிள், இம்பேலன்ஸ் எல்லாத்துக்கும் ஏன் எம் வருதுன்னு தானே சொல்லிடும்.

பொருத்துக பகுதியில இன்னொரு ஓட்டை இருக்கு. பத்து வார்த்தையும் போர்ட் குடும்பமா இருந்தா, வலது பக்கம் பத்து அர்த்தத்துலயும் தூக்கறது, கொண்டுபோறதுன்னுதான் வரும். அப்போ பிள்ளை எத வெச்சு விடை கண்டுபிடிக்குது? முன்னாடி இருக்கற எக்ஸ், இம், ட்ரான்ஸ் இதுங்கள வெச்சு. போர்ட்டுக்கு அர்த்தமே தெரியாம பத்துக்குப் பத்து வாங்கிடலாம். தலைப்பு போர்ட்னு இருக்கு, சோதிச்சது ப்ரிஃபிக்ஸ. ஒரே ஷீட்டுல ரெண்டு மூணு வேர் கலந்து, ட்ரான்ஸ்போர்ட் பக்கத்துல ட்ரான்ஸ்ஃபர், எக்ஸ்போர்ட் பக்கத்துல எக்ஸ்ட்ராக்ட்னு வெச்சாதான் வேர் தெரியுதா இல்லயான்னு வெளிச்சமாகும்.

டிக்ட் கதைய சுருக்கமா சொல்றேன், அது ஒப்பிட்டுப் பாத்தா நல்ல பிள்ளை. ப்ரிடிக்ட் முன்னாடியே சொல்றது, கான்ட்ராடிக்ட் எதிர்த்துச் சொல்றது, வெர்டிக்ட் உண்மையச் சொல்றது. குத்தம் சாட்டறதுக்கு இன்டைட்னு வாயில வர்ற வார்த்தையிலயும் எழுத்துல டிக்ட் இருக்கு, ஃப்ரெஞ்சு வழியா சி இல்லாம வந்த வார்த்தைக்கு லத்தீன் தெரிஞ்சவங்க பின்னாடி சிய சொருகினாங்க, உச்சரிப்பு மட்டும் பழையபடியே நின்னுடுச்சு. இடறற இடம் அடிக்ட்தான். சொல்றதுக்கும் போதைக்கும் என்னங்க சம்பந்தம்? ரோமாபுரியில கடன் கட்ட முடியாதவன, இவன் இனி உனக்குன்னு தீர்ப்பு சொல்லி கடன் குடுத்தவன் கையில ஒப்படைப்பாங்க, அப்படி ஒப்படைக்கப்பட்டவன் அடிக்டுஸ். தன் மேல தனக்கே உரிமை இல்லாதவன். இந்தக் கதை இல்லாம அடிக்ட்ட டிக்ட் ஷீட்டுல போட்டா பிள்ளை "கூட சேத்து சொல்றவன்"னு எழுதும், அதுவும் ஷீட்டோட கணக்குப்படி சரியான விடைதான்.

ஆட்டோ இதுல இருந்து வேற மாதிரி, அது கிரேக்கம். போர்ட்டும் டிக்ட்டும் பெரும்பாலும் வார்த்தைக்கு நடுவுலயோ கடைசியிலயோ நின்னு முன்னாடி ஒட்டு வாங்கிக்கும், ஆட்டோ எப்பவும் முன்வரிசையில நிக்கும், பின்னாடி இன்னொரு வேர் வரும். ஆட்டோகிராஃப் தன் கையால எழுதினது, ஆட்டோபயாகிராஃபி தன் வாழ்க்கைய எழுதறது. ஆட்டோமொபைல் பாதி கிரேக்கம் பாதி லத்தீன், தானா நகர்றது. அப்புறம் அந்த வார்த்தைய வெட்டி முன்பாதிய மட்டும் வெச்சுக்கிட்டாங்க, இங்கிலீஷ்ல ஆட்டோனாலே வண்டின்னு ஆச்சு. நம்ம பசங்களுக்கு ஆட்டோனா முதல்ல மூணு சக்கர வண்டிதான் மனசுல வரும், ஷீட்டு "தானே"ன்னு சொன்னா முழிக்கும். அதனால ரெண்டு ஆட்டோ இருக்குன்னு வெளிப்படையா சொல்லிடணும். ஆட்டோ பார்ட்ஸ்ல தானான்னு போட்டுப் பாரு, பொருந்தல, வண்டின்னு போடு, பொருந்துது. ஆட்டோபைலட்ல தானா பொருந்துது. பிரேதப் பரிசோதனைங்கற அட்டாப்சிக்கு மட்டும் கூடக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவேன், தன் கண்ணால நேரா பாக்கறதுன்னு அதோட வேருக்கு அர்த்தம், கூட்டிப் பாத்த பசங்க தன்னத் தானே பாத்துக்கறதுன்னு எழுதுவாங்க.

போர்ட் ஷீட்ட இப்போ நான் எப்படி அமைக்கறேன்னு சொல்றேன். மேல இருக்கற கட்டத்த எடுத்துடறேன். முதல்ல பிள்ளைக்கு ஏற்கனவே அர்த்தம் தெரிஞ்ச வார்த்தைங்க ஆறு ஏழு, ஒவ்வொண்ணும் ஒரு வாக்கியத்துல. இதுல எதெல்லாம் ஒரே அம்மா பிள்ளைங்கன்னு பிரின்னு கேக்கறேன், கூடவே ஏர்போர்ட்டும் போர்ட்ரெய்ட்டும் வேணும்னே நடுவுல. பிரிச்ச பிறகுதான் போர்ட்டாரேங்கற பேர சொல்றது. அடுத்து கூட்டல், சப் ப்ளஸ் போர்ட், இன் ப்ளஸ் போர்ட், ரீ ப்ளஸ் போர்ட்னு எழுதி எந்த எழுத்து மாறுச்சுன்னு வட்டம் போடணும். அதுக்கப்புறம் ரிப்போர்ட், சப்போர்ட், இம்பார்டன்ட் மூணுக்கும் ஒரு வரி எழுதணும்: இங்க தூக்கிட்டு வர்றது எது, யாரு, எங்க இருந்து எங்க? இந்தக் கேள்வி சாதாரணமா தெரியும், ஆனா ஷீட்டுலயே இதுதான் கனமானது. ரிப்போர்ட்ல தூக்கிட்டு வர்றது சேதின்னு பிள்ளை எழுதிட்டா அதுக்கு வார்த்தை புரிஞ்சிடுச்சு.

கடைசியா தெரியாத வார்த்தை ஒண்ணு, தனியா இல்ல, வாக்கியத்தோட. நான் போடறது போர்ட்டேஜ். ஆத்துல படகு ஓட்டிட்டுப் போறவங்க அருவி வந்ததும் கரையேறி, அரை மைல் போர்ட்டேஜுக்கு அப்புறம் மறுபடி தண்ணியில இறங்கினாங்கன்னு வாக்கியம். வாக்கியத்த மட்டும் படிச்ச பிள்ளை ஓய்வுன்னு எழுதும், நடைப்பயணம்னு எழுதும், ரெண்டும் அந்த இடத்துல உக்காரத்தான் செய்யுது. வேர மட்டும் பாத்த பிள்ளை சுமைன்னு எழுதும். ரெண்டையும் சேத்துப் பாத்தா, அரை மைல்னு இருக்கு, மறுபடி தண்ணியில இறங்கறாங்க, அப்போ படகு அவங்க கூடவே வந்திருக்கு, போர்ட்னா சுமக்கறது, படகத் தலையில தூக்கிட்டு நடந்திருக்காங்க! துப்புங்கறது இப்படித்தான் வேலை செய்யணும், சந்தர்ப்பம் நாலு விடைய முன்னாடி வைக்கும், வேர் அதுல மூணத் தள்ளிவிடும்.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. 2010ல பவர்ஸ், கர்பி, டீக்கன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி சொல் உறுப்புகளச் சொல்லிக் குடுத்த 22 ஆய்வுகளச் சேத்து வெச்சுப் பாத்தாங்க. பலன் இருக்கு, வாசிக்கத் திணறற பசங்களுக்கு மத்தவங்களவிட அதிகமாவே இருக்கு. ஆனா அந்தப் பலன் வார்த்தையோட உறுப்புகளக் கையாள்றதுல நல்லா தெரியுது, பத்திய வாசிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்குப் போகும்போது குறைஞ்சுடுது. அதனால போர்ட் ஷீட்டு முடிச்ச பிள்ளை அடுத்த நாள் பெரிய கட்டுரைய சரசரன்னு படிக்கும்னு பெத்தவங்க கிட்ட நான் சொல்றதில்ல. ரிப்போர்ட்டுக்கு ஒரு பி, சப்போர்ட்டுக்கு ரெண்டு பி ஏன்னு கேளுங்க, காரணத்தோட சொல்லும்னு சொல்றேன்.

அந்த "நீயே ஒரு வார்த்தை உருவாக்கு" கேள்விய மட்டும் மாத்தி வெச்சிருக்கேன். ஆட்டோபோர்ட், டிக்ட்போர்ட்னு பசங்க எழுதறத சரியா தப்பான்னு சொல்ல அளவுகோலே கிடையாது. அதுக்குப் பதிலா போர்ட்ட வெச்சு ஆரம்பிக்கற ஒரு வார்த்தைய அகராதியில நீயே தேடி எடு, அது சுமக்கற போர்ட்டா, துறைமுகமா, வாசலா, இல்ல வெளியாளான்னு கண்டுபிடிச்சு எழுதுன்னு கேக்கறேன். போன தடவ ஒரு பையன் போர்ட்லின்னு எடுத்துட்டு வந்தான், பருமனான ஆளுன்னு அர்த்தம், சுமையோட சம்பந்தப்படுத்தி "நிறைய சுமக்கறவர்"னு எழுதிட்டு பக்கத்துலயே கேள்விக்குறி போட்டிருந்தான். குடும்பம் சரிதான், போர்ட்டாரேதான், ஆனா அது ஒருத்தர் தன் உடம்ப எப்படி நிமிந்து சுமந்துட்டு நடக்கறார்ங்கற தோரணையில இருந்து வந்த வார்த்தை, கம்பீரமான ஆளுன்னு இருந்து அப்புறம் பருமனான ஆளுன்னு ஆச்சு. அந்தக் கேள்விக்குறிக்கு முழு மார்க் குடுத்தேன்.